பெட்டியின் பின்பக்கம்

திங்கட்கிழமை காலை இடது கண் திறக்கவில்லை. வலது கண்ணைப் பாதி திறந்துகொண்டு குளியலறைக் கண்ணாடியில் பார்த்தபோது நெற்றியும் இமைகளும் ஒன்றாகி, முகம் வேறு யாருடையதோ போல் இருந்தது. ஒன்பது மணிக்கு வாடிக்கையாளர் நிறுவனத்துடன் ஒரு கூட்டம். கமெராவை அணைத்துவிட்டு, இணைய இணைப்பு சரியில்லை என்று ஒரு பொய் சொல்லி, பதினைந்து நிமிடம் தரவுத்தள இடமாற்றம் பற்றிப் பேசினேன். பேசும்போதே காதோரத்திலிருந்து ஏதோ நீர் கசிந்து கழுத்தில் இறங்கியது.

"நேற்று றால் சாப்பிட்டனி எல்லே? அதுதான்" என்றார் அம்மா, தொலைபேசியில். அவர் இருப்பது ஈஸ்ட் ஹாமில், நான் இருப்பது லண்டனுக்கு வெளியே ஒரு மணி நேரத் தொலைவில். எனக்கும் அதுதான் தோன்றியது. ஞாயிறு மதியம் றால் குழம்பு, ஞாயிறு மாலை அரிப்பு. தலைக்கு டை பூசியது வெள்ளி இரவு. சனிக்கிழமை முழுவதும் ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமைச் செயலுக்குத் திங்கட்கிழமை விளைவு வரும் என்று யார் நினைப்பார்கள்? மென்பொருளில் பிழை தேடும்போது கடைசியாக மாற்றியதைத்தான் முதலில் சந்தேகிப்போம். இங்கே அந்தப் பழக்கம்தான் என்னை ஏமாற்றியது.

டை மீது சந்தேகம் வராததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்தப் பெட்டியை நான் தேடித் தேடி வாங்கியிருந்தேன். முந்தைய வருடம் சலூனில் கறுப்புப் பூசிய பிறகு நெற்றி ஓரத்திலும் காதின் பின்னாலும் இரண்டு மூன்று நாள் அரித்தது. அமோனியாதான் காரணமாக இருக்கும் என்று அமோனியா இல்லாததை வாங்கினேன். மறுபடியும் அரித்தது. அமோனியா முடியின் மேல்செதிலைத் திறப்பதற்கான காரம் மட்டுமே. அதற்குப் பதில் எத்தனொலமீன் போட்டால் மூக்கு எரியாது, சாயம் அதே சாயம்தான். இதைப் படித்துத் தெரிந்துகொண்டபோதுதான் பாரா-ஃபீனிலீன்டையமீன் என்ற பெயர் கண்ணில் பட்டது. சுருக்கமாக பிபிடி. உடனே 'பிபிடி ஃப்ரீ' என்று முன்பக்கம் பெரிதாக எழுதிய பெட்டி ஒன்றை, வழமையான விலையைப்போல் இரண்டு மடங்கு கொடுத்து வாங்கினேன். உள்ளே இருந்த தாளைப் படிக்கவில்லை. கையில் 48 மணி நேரச் சோதனையும் செய்யவில்லை. எதற்குப் பயப்பட வேண்டுமோ அதுதான் இதில் இல்லையே.

கண் திறந்த பிறகு, நான்கு நாள் கழித்து, மீள்சுழற்சித் தொட்டியிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் சொன்னது பொய்யல்ல. பொருட்பட்டியலில் பாரா-ஃபீனிலீன்டையமீன் இல்லை. ஆனால் பக்கவாட்டில், எறும்பு எழுத்தில், ஒரு வாக்கியம் இருந்தது: இதில் ஃபீனிலீன்டையமீன்கள் உள்ளன, அடைப்புக்குறிக்குள் டொலுயீன்டையமீன்கள். ஒரே பெட்டியில் ஒரு பக்கம் இல்லை என்கிறது, இன்னொரு பக்கம் உண்டு என்கிறது. இரண்டும் உண்மை. முதலாவது விற்பனைப் பிரிவு எழுதியது. இரண்டாவது, ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரித்தானியாவிலும் சட்டம் எழுத வைத்தது.

வீட்டுவைத்தியரின் முதல் கேள்வி மூச்சு இழுக்கிறதா, நாக்கு வீங்கியதா என்பது. அப்படி இருந்திருந்தால் கதையே வேறு, உடனே அவசரப் பிரிவுக்குப் போயிருக்க வேண்டும். இல்லை என்றதும் சில நாட்களுக்கு ஸ்டீரொயிட் மாத்திரை தந்து, தோல் பிரிவுக்கு எழுதினார். மாத்திரை முடிந்து சில வாரங்கள் கழிந்த பிறகுதான் ஒட்டுச் சோதனை செய்தார்கள். மாத்திரையின் தாக்கம் இருக்கும்போது செய்தால் ஒவ்வாமை இருந்தும் தோல் வாயைத் திறக்காது.

அந்தச் சோதனை எளிமையானது, ஆனால் ஒரு வாரம் தின்னும். திங்கட்கிழமை முதுகில் வரிசை வரிசையாகச் சிறு வட்டுகள் ஒட்டிய பட்டைகளை ஒட்டினார்கள். ஒவ்வொரு வட்டுக்குள்ளும் வாசலினில் கலந்த ஒரு பொருள். புதன்கிழமை பட்டைகளை எடுத்துப் பார்த்தார்கள், வெள்ளிக்கிழமை மறுபடியும் பார்த்தார்கள். அதுவரை முதுகில் தண்ணீர் படக்கூடாது, வியர்க்கக்கூடாது. புதன்கிழமையே பிபிடி இருந்த இடம் சிவந்து தடித்துச் சிறு கொப்புளங்கள் போட்டிருந்தது. டொலுயீன்-2,5-டையமீன் இருந்த இடத்தில் மெல்லிய சிவப்பு மட்டும். "இதைப் பொறுத்துப் பார்ப்போம்" என்றார் தாதி. வெள்ளிக்கிழமை அதுவும் தடித்துவிட்டது. புதனோடு நிறுத்தியிருந்தால் அதைச் சந்தேகத்துக்குரியது என்று எழுதி அனுப்பியிருப்பார்கள். ரிசார்சினாலும் மெட்டா-அமினோஃபீனாலும் வைத்த இடங்களில் ஒன்றுமில்லை.

அந்த வெள்ளிக்கிழமை தோல் வைத்தியர் ஒரு தாளில் அறுகோணம் ஒன்று வரைந்தார். எதிரெதிர் மூலைகளில் ஒவ்வொரு அமீன். "இது பிபிடி." பக்கத்தில் அதையே மறுபடி வரைந்து, இன்னொரு மூலையில் ஒரு சிறு வாலைச் சேர்த்தார். "இது உங்கள் பெட்டியில் இருந்தது." ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன். வித்தியாசம் அவ்வளவுதான். இரண்டுக்கும் பெயர் வேறு என்பதால் முன்பக்கத்தில் இல்லை என்று அச்சிடலாம். என் வடிகட்டி ஒரு பெயரைத் தேடியது, அந்த எழுத்துகள் வரிசையாக இல்லையென்றால் அனுமதித்தது. தோல் பெயரைப் பார்ப்பதில்லை. தோலுக்குள் இந்த மூலக்கூறுகள் ஆக்சிஜனேற்றமடைந்து அங்குள்ள புரதங்களில் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய பிறகு தெரிகிற உருவத்தைத்தான் வெள்ளையணுக்கள் நினைவில் வைத்திருக்கின்றன. ஒரு வால் கூடியதால் அந்த உருவம் அதிகம் மாறுவதில்லை. அந்த அணுக்கள் திரண்டு வர இரண்டு மூன்று நாட்களாகும். றால் குழம்பு மீது பழி விழுந்த காரணம் இதுதான்.

அப்படியானால் ஆபத்தில்லாத வேறு ஒன்றை ஏன் போடக்கூடாது என்று கேட்டேன். அவர் சொன்னதை வீட்டுக்கு வந்து படித்துச் சரிபார்த்தேன். நிரந்தரச் சாயம் பூசும்போது நாம் நிறத்தைப் பூசுவதில்லை. நிறமில்லாத மிகச் சிறிய மூலக்கூறுகளைப் பூசுகிறோம். அவை சிறியவையாக இருப்பதால் முடிக்குள் நுழைகின்றன. உள்ளே ஹைட்ரஜன் பெரொக்சைட் அவற்றைத் தூண்டிவிட, அவை ரிசார்சினால் போன்ற துணைப்பொருட்களுடன் சேர்ந்து பெரிய, நிறமுள்ள மூலக்கூறுகளாகின்றன. பெரிதானபின் வெளியே வர முடியாது, ஆகவே கழுவினாலும் போகாது. சிறியதாய் இருப்பது, எளிதில் ஆக்சிஜனேற்றமடைவது, கிடைத்ததைப் பற்றிக்கொள்வது: கறுப்பைத் தருகிற இந்தக் குணங்கள்தான் தோலிலும் வேலை செய்கின்றன. அதனால் பிபிடியை எடுத்துவிட்டால், நரையை முழுதாக மூடி வாரக்கணக்கில் நிற்கும் கறுப்போ கடும் பழுப்போ தருவதற்கு, அதே குடும்பத்திலிருந்து இன்னொருவரைத்தான் அழைத்துவர வேண்டியிருக்கிறது.

அந்தக் குடும்பத்தில் நான் இப்போது பெட்டிகளில் தேடுவது சிலரைத்தான். டொலுயீன்-2,5-டையமீனும் அதன் சல்பேட்டும் முதலில் வருகின்றன. பிபிடி இல்லை என்று விற்கும் பெட்டிகளில் அடிக்கடி இருப்பது இதுவே, பிபிடி ஒவ்வாமை உள்ளவர்களில் கணிசமானோருக்கு இதுவும் ஒத்துக்கொள்வதில்லை. அடுத்தது பாரா-அமினோஃபீனால். செம்மையும் செம்பழுப்பும் வேண்டிய நிறங்களில் வரும். ஒரு பக்கம் அமீன், எதிர்ப்பக்கம் ஆல்கஹால் போன்ற ஒரு குழு. இதற்கு எதிர்வினை காட்டுகிறவர்கள் குறைவு, இல்லாமலில்லை. பிறகு ஹைட்ராக்சிஎத்தில் என்று தொடங்கி பாரா-ஃபீனிலீன்டையமீன் சல்பேட் என்று முடியும் நீண்ட பெயர்கள். பெயரின் வாலிலேயே குடும்பப் பெயர் தொங்குகிறது, ஆனால் முன்பாதியைப் படித்துவிட்டு விட்டுவிடுவோம்.

ஒன்று மட்டும் கொஞ்சம் வேறு. 2-மெத்தொக்சிமெத்தில்-பாரா-ஃபீனிலீன்டையமீன் என்பதைச் சில சலூன் சாயங்களில் காணலாம். இதுவரை ஒவ்வாமை வராதவருக்குப் புதிதாக வரும் வாய்ப்பைக் குறைப்பதற்காகவே அந்த மூலக்கூற்றை வடிவமைத்தார்கள். அதை அது செய்வதாகச் சோதனைகள் காட்டுகின்றன. ஏற்கெனவே ஒவ்வாமை வந்துவிட்ட என்னைப் போன்றவருக்கு அது தரும் வாக்குறுதி வேறு. சிலர் தாங்கிக்கொள்கிறார்கள், சிலர் இதற்கும் வீங்குகிறார்கள். சலூன்காரப் பெண் "ஒவ்வாமை உள்ளவர்களுக்கென்றே வந்தது" என்றபோது இந்த இரண்டு கூட்டத்தையும் ஒன்றாக்கிவிட்டார். தோல் வைத்தியர் சொன்னது வேறு: சோதிக்காமல் வேண்டாம், அந்தச் சோதனையையும் வீட்டில் செய்யவேண்டாம். கண் மூடும் அளவுக்கு ஒரு முறை வந்தவருக்கு முழங்கையில் ஒரு பொட்டு வைப்பதும் விளையாட்டல்ல.

அவர் தந்த தாளில் சாயத்துக்குத் தொடர்பில்லாதவையும் சில இருந்தன. ஈறுக்குப் பூசும் மரப்பு மருந்துகளில் வரும் பென்சொகெயின், கறுப்பு ரப்பரில் வரும் சில பொருட்கள், கடும் நிறத் துணிச் சாயங்கள் சில. எல்லோருக்கும் எல்லாமும் ஒத்துக்கொள்ளாமல் போவதில்லை. நான் பல் வைத்தியரிடம் பென்சொகெயினைப் பற்றி மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

அந்த வார இறுதியில் அம்மா வீட்டுக்குப் போனேன். கொழும்பிலிருந்து யாரோ கொண்டுவந்த பக்கற்றுகள் குளியலறைத் தட்டில் அடுக்கியிருந்தன. முன்பக்கம் நெல்லிக்காய், கரிசலாங்கண்ணி, மருதோண்டி இலைப் படங்கள். 'மூலிகை' என்ற சொல் மூன்று இடங்களில். தண்ணீரில் குழைத்துப் பூசினால் அரை மணி நேரத்தில் தலை கரிக்கறுப்பு.

"இது இலைத் தூள் பிள்ளை. கெமிக்கல் இல்லை."

பின்பக்கம் பாரா-ஃபீனிலீன்டையமீன் இருந்தது, பேரியம் பெரொக்சைடும் இருந்தது. தண்ணீர் பட்டதும் வேலை செய்யும் தூள் வடிவப் பெரொக்சைட் அது. இரண்டு போத்தல்களின் வேலையை ஒரு பக்கற்றுக்குள் அடைத்திருக்கிறார்கள், இலைகள் கூட்டத்துக்கு வந்திருக்கின்றன. அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது, முப்பது வருடமாகப் பூசுகிறார், ஒரு சொறியும் இல்லை. அதை நான் மறுக்கவில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் முப்பது வருடம் ஒத்துக்கொண்டது முப்பத்தோராவது வருடமும் ஒத்துக்கொள்ளும் என்பதற்கு உத்தரவாதமில்லை. எனக்கும் பதினான்கு வருடம் ஒத்துக்கொண்டது. மருதோண்டி இலை தனியாகத் தருவது செம்மண் நிறம், கறுப்பு அல்ல. அதற்கும் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மருதோண்டி என்று சொல்லிக்கொண்டு அரை மணியில் கறுக்கும் எதிலும் இன்னொன்று இருக்கிறது. இதை அம்மாவுக்குச் சொன்னபோது, "அப்ப நான் சின்னனிலை அரைச்சு வைச்சது சிவப்புத்தானே" என்று தானாகவே ஞாபகப்படுத்திக்கொண்டார். பக்கற்றுகளை எறியவில்லை.

நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அம்மாவும் அல்ல, நானும் அல்ல. என் மகளுக்குப் பதினேழு வயது. பள்ளி முடிகிற கொண்டாட்டத்துக்கு முடியை பர்கண்டி நிறமாக்க வேண்டும் என்று அவளே பணம் சேர்த்து ஒரு பெட்டி வாங்கி வந்திருந்தாள். என் முகத்தைக் கண்டவள், ஆகவே கவனமாகத்தான் வாங்கியிருக்கிறாள்.

"அம்மா, பாருங்கோ, பிபிடி இல்லையெண்டு எழுதியிருக்கு."

நான் பெட்டியைத் திருப்பினேன். டொலுயீன்-2,5-டையமீன் சல்பேட், பாரா-அமினோஃபீனால். அதற்குக் கீழே எச்சரிக்கைப் பகுதி. பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அல்ல என்பதைத் தாண்டிவிட்டாள். அடுத்த வரி, முன்பு 'கறுப்பு மருதோண்டி' தற்காலிகப் பச்சைக்கு எதிர்வினை வந்திருந்தால் பூசவேண்டாம் என்றது. அந்த வரியை நான் என் பெட்டியிலும் பார்த்திருக்கிறேன், எனக்கல்ல என்று கடந்துவிட்டேன்.

அவளுக்கு ஒன்பது வயதில் ஒரு கடற்கரை விடுமுறைக்குப் போனோம். கடைத்தெருவில் ஒருவர் அவள் முன்கையில் டொல்பின் வரைந்தார். மை கறுப்பாக, உடனே காய்ந்தது. ஊருக்குத் திரும்பிய அடுத்த வாரம் அந்த டொல்பின் அப்படியே தடித்துக் கொப்புளித்தது. வெயில் என்று நினைத்துக் கிறீம் பூசினோம். கோடுகள் வெளிறி மறைய மாதங்களாகின. அன்று அவள் தோலில் பட்டது அநேகமாக பிபிடிதான். இங்கே தலைச்சாயத்தில் அதற்கு 2 சதவீதம் என்ற உச்ச வரம்பு உண்டு, தோலில் வரைய அனுமதியே இல்லை. தெருவில் கலக்கும் மையில் அதைவிடப் பல மடங்கு இருக்கலாம், அதுவும் கழுவாமல் நாள்கணக்கில் தோலோடு கிடக்கும். உடல் அதை எதிரியாகப் பதிவு செய்துகொள்ள அந்த ஒரு முறை போதும். பதிந்தது பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது.

வீட்டுவைத்தியரைக் கேட்டேன். டொல்பின் கதையே போதிய சான்று, ஒவ்வாமை இருப்பதாகவே வைத்து நடந்துகொள்ளுங்கள் என்றார். அவளிடம் இதைச் சொன்ன மாலை மோசமானது. "அப்ப எனக்கு வாழ்க்கை முழுக்க ஏலாதா? ஒரு டொல்பினுக்காகவா?" அந்த டொல்பினுக்குக் காசு கொடுத்தது நான். அதை அவள் சொல்லவில்லை.

மறுநாள் இருவரும் உட்கார்ந்து வேறு வழி பார்த்தோம். அவளுக்கு நான் கற்றுக்கொடுத்த முதல் விதி பெயர்களைப் பற்றியதல்ல, போத்தல்களைப் பற்றியது. பெட்டிக்குள் இரண்டு இருந்து, ஒன்றோடொன்று கலந்து பூசச் சொன்னால், உள்ளே பெரொக்சைடும் அந்தக் குடும்பத்தில் ஒருவரும் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொள். சில வாரம்தான் நிற்கும் என்று சலூனில் சொல்கிற சாயங்களும் பல இந்த வகையே. ஒரே போத்தல், கலக்கவே வேண்டாம், குளிக்கக் குளிக்க வெளிறும் என்றால் அது நேரடிச் சாயம். ஏற்கெனவே நிறமுள்ள மூலக்கூறு, முடியின் மேற்பரப்பில் ஒட்டுகிறது, உள்ளே எதுவும் நடப்பதில்லை. இந்த வகையிலும் சிலருக்கு ஒவ்வாமை வரும், ஆகவே பட்டியலைப் படித்துத்தான் தெரிந்தெடுத்தோம். பெயரில் நைட்ரோ என்றும் அமினோ என்றும் சேர்ந்து வந்தவற்றை விலக்கினோம். கறுத்த முடியில் இந்தச் சாயம் பளிச்சென்று தெரியாது, வெயிலில் நின்றால்தான் சிவப்புத் தெரியும். முதலில் வெளுத்துவிட்டுப் பூசலாமே என்றாள். வெளுக்கும் தூளில் வரும் பெர்சல்பேட் வேறு விதமான தொல்லை, சிலருக்கு அது மூச்சுவரை போகும். வேண்டாம் என்றேன். ஒத்துக்கொண்டாள், முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு.

அதையும் நேரே தலையில் வைக்கவில்லை. வீட்டுவைத்தியரிடம் பட்டியலைக் காட்டி, சரி என்ற பிறகு, வெள்ளி இரவு முழங்கை மடிப்பில் ஒரு நாணயமளவு பூசி உலரவிட்டாள். பெட்டி 48 மணி நேரம் என்றது. என் முதுகில் டொலுயீன்டையமீன் தன்னைக் காட்டிக்கொண்டது நான்காம் நாளில் என்பதால் நாங்கள் அடுத்த வெள்ளிவரை காத்திருந்தோம். முழங்கையில் ஒன்றும் வரவில்லை என்பதால் தலையிலும் வராது என்று சொல்லிவிட முடியாது, தலையில் படுவது ஒரு நாணயமளவு அல்ல. இருந்தாலும் வருவதற்குப் பெரும்பாலும் முன்னறிவிப்பு கிடைக்கும். தினமும் காலையில் பாடசாலைப் பைக்குள் சாப்பாட்டை வைக்கும்போது, கேட்காமலே கைச்சட்டையைச் சுருட்டி நீட்டினாள். சிவப்பு வட்டம் மெதுவாக இளஞ்சிவப்பானது, தடிக்கவில்லை, அரிக்கவில்லை.

நான் என்ன செய்கிறேன் என்று அலுவலகத்தில் ஒரு தோழி கேட்டாள். முதல் நாள் மருதோண்டி, அடுத்த நாள் அவுரி. இரண்டும் தனித்தனிப் பொதி, பின்பக்கத்தில் தாவரத்தின் பெயரைத் தவிர வேறு எதுவும் இல்லாதவை, இவற்றையும் வைத்தியரைக் கேட்டு முழங்கையில் பார்த்த பிறகு. மருதோண்டியை இரவே குழைத்து வைத்து மூன்று மணி நேரம் தலையில் வைத்தால் நரையெல்லாம் தோடம்பழ நிறமாகும். அவுரியை வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்துப் பத்து நிமிடத்தில் பூசிவிட வேண்டும், பொறுத்தால் வலு போய்விடும். கழுவியதும் பச்சையாகத் தெரியும், ஓரிரண்டு நாளில் கறுக்கும். ஒரு சனி ஞாயிறு முழுவதும் போய்விடுகிறது. நேர்முகத்தேர்வு இருக்கிற மாதங்களில் செய்கிறேன், இல்லாத மாதங்களில் விட்டுவிடுகிறேன். எங்கள் குழுவில் எனக்கு அடுத்த மூத்தவருக்கு முப்பத்தொரு வயது.

கொண்டாட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு மகள் கதவைப் பூட்டிக்கொண்டு தானே பூசினாள். வெளியே வந்தபோது விளக்கு வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியவில்லை, தோட்டத்துக்குப் போய் நின்று காட்டினாள், தெரிந்தது. குளியலறை ஓடுகளுக்கு நடுவிலிருந்த வெள்ளைப் பூச்சில் அந்த நிறம் இன்னும் போகவில்லை.